காய்ந்த டர்பில் ஒரு கெப்டன்

யசோதினியைப் பற்றி எழுதச் சொன்னால் அவளுடைய முழங்காலிலிருந்துதான் தொடங்குவேன். வலது முழங்கால். அதை நினைத்து நான் பட்ட பாடு அவள்கூடப் பட்டிருக்கமாட்டாள். அவள் கெப்டனாக இருக்கும் ஹொக்கி அணியின் கோல் கீப்பர் நான், அனுஷியா. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கோல் கீப்பருக்கு மற்ற வீராங்கனைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பாதி வேலை. யார் காலை இழுக்கிறாள், யார் இழுக்காத மாதிரி நடிக்கிறாள் என்பதெல்லாம் எனக்கு முதலில் தெரிந்துவிடும்.

அவள் பிறந்தது ஹந்தானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பாவுக்கு மாநகர சபையில் வேலை கிடைத்ததும் குடும்பம் கண்டிக்கு இறங்கி வந்தது. அவள் படித்த பள்ளிக்கூடத்தின் மைதானம் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். புல் ஒரு இடத்தில் கணுக்கால் வரைக்கும் வளர்ந்திருக்கும், அடுத்த இடத்தில் மொட்டையாக இருக்கும். அந்தத் தரையில் பந்து நேராக வந்ததே கிடையாது. நடுவில் ஒரு மண்கட்டியில் பட்டால் துள்ளும், புல்லில் புகுந்தால் படுத்துவிடும். ஆகவே பந்துக்குப் பின்னால் முழு உடம்பையும் கொண்டுபோய் வைத்து, மட்டையை நிமிர்த்திப் பிடித்து நிறுத்தவேண்டும். நிறுத்திய பிறகு ஓங்கி அடிக்கவேண்டும், மெல்லத் தள்ளினால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும். யசோதினி அப்படித்தான் ஹொக்கி பழகினாள். அவள் பின்னாலிருந்து ஓங்கி அடித்தால் கண்டியில் எந்தப் புல் மைதானத்திலும் பந்து ஒரு தடவை குதித்து, எதிரியின் மட்டைக்கு மேலால் போகும். அது அவளுடைய கையெழுத்து மாதிரி.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலையில் போனால் கடை சாத்தும் வரைக்கும் நிற்கவேண்டும். வாடிக்கையாளர் உள்ளே இருக்கும்போது ஊழியர் யாரும் உட்காரக்கூடாது, புடவைக் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமும் கிடையாது. மேல் தட்டில் இருக்கும் துணிக்கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறவேண்டும், கீழ்த் தட்டுக்குக் குந்தவேண்டும். போன வருடம் அங்கே ஒரு பெண்ணுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முதலாளி மிகவும் மரியாதையாக, "நிக்க முடியாதவங்க வீட்ல இருந்து ஓய்வெடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா இறந்த பிறகு யசோதினியின் சம்பளத்தில்தான் அவளும் அம்மா வடிவம்மாவும் சாப்பிடுகிறார்கள். அவளுக்குக் கால் என்றால் அது அடுப்பு எரிவதைப் பற்றிய விஷயம்.

போன வருடம் மாகாணக் கிண்ணத்துக்காக முதல் முறையாக டர்பில் விளையாடினோம். டர்ப் என்றால் பிளாஸ்டிக் புல் விரிப்பு. கண்டிக்கு வெளியே ஒரு தனியார் அமைப்பு புதிதாகப் போட்டது. அதற்குத் தண்ணீர் அடித்துவிட்டு விளையாடுவார்கள். தண்ணீர் அடித்த டர்பில் பந்து துள்ளாது, தரையோடு சறுக்கிக்கொண்டு வரும், கண்ணை மூடித் திறப்பதற்குள் நம்மைத் தாண்டியிருக்கும். அங்கே பழகியவர்கள் ஓங்கி அடிப்பதே குறைவு. தள்ளுகிறார்கள், மட்டையால் தரையோடு வழித்து விடுகிறார்கள், மட்டையைத் தரையில் படுக்கவைத்தே நிறுத்துகிறார்கள், ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குச் சின்னச் சின்னதாகக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். நாங்கள் புல்லில் காத்திருப்பது போல பந்துக்காகக் காத்திருந்தோம். அது மட்டைக்குக் கீழாலேயே போய்விட்டது. ஏழு கோல் வாங்கினேன். ஏழையும் நான்தான் வலையிலிருந்து எடுத்தேன், ஆகவே எண்ணிக்கையில் பிழை இருக்காது.

அந்தத் தோல்வி யசோதினியைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஒரு யோசனையோடு வந்தாள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு திருமண மண்டபம் இருக்கிறது. அதன் பின்னால் வாகனங்கள் நிறுத்த வழுவழுப்பான பெரிய சீமெந்துத் தரை. கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் விளையாட மண்டபத்துக்காரர் சம்மதித்துவிட்டார்.

"டர்ப்புக்குப் போக நமக்கு வசதி இல்ல" என்றாள் யசோதினி. "ஆனா பந்து ஓடுற வேகம் சீமெந்துலயும் அதேதான். இங்க பழகினா அங்க பயமில்ல."

எல்லோருக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும்தான். வேகம் சரியாகவே இருந்தது. ஒரே மாதத்தில் பிள்ளைகள் மட்டையைப் படுக்கவைத்து நிறுத்தப் பழகினார்கள், ஓடும் பந்துக்கு முன்னால் குனியப் பழகினார்கள். பந்தைப் பற்றி நாங்கள் எல்லாவற்றையும் யோசித்தோம். காலைப் பற்றி ஒருத்தியும் யோசிக்கவில்லை. சீமெந்து கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு அடியும் பாதத்தில் இறங்கி முழங்காலுக்கு ஏறும். வாரா வாரம் அதில் நின்றுவிட்டு, திங்கட்கிழமை படி இறங்கும்போது எனக்கே கணைக்கால் எலும்பு குத்தியது. நான் ஓடாத ஆள்.

யசோதினியின் முழங்கால் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது பிசகியது. மறுநாள் வீங்கியிருந்தது. நான்தான் அவளை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் காலை மடக்கி, நீட்டி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் ஒன்று இழுபட்டிருக்கிறது என்றார். அறுந்து போகவில்லை, ஆனால் இன்னொரு முறை முறுக்கினால் அறுந்துவிடும். அறுந்தால் ஒப்பரேஷன், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சரியாக நிற்க ஏலாது.

"புல்லுல கால் மாட்டினா மண்ணு பிஞ்சு விட்டுக்கொடுக்கும், தங்கச்சி" என்றார் அவர். "விட்டுக்கொடுக்காத தரையில பாதம் அப்படியே நிக்கும், உடம்பு மட்டும் திரும்பும். நடுவுல மாட்டிக்கிறது முழங்கால்தான்."

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். "பிள்ளைங்களுக்குச் சொல்லாத. சீமெந்து யோசனை என்னோடது. கெப்டனே நொண்டினா எல்லாம் பயந்துருவாளுங்க."

"பயப்படட்டும்டி. பயம் நல்லது."

"இந்த வருசம் மட்டும், அனு. இறுதிப் போட்டிக்கு வந்துட்டம்."

உண்மைதான், வந்துவிட்டோம். அரையிறுதி கண்டியில் ஒரு புல் மைதானத்தில் நடந்ததால் யசோதினியின் துள்ளல் அடி எங்களைக் காப்பாற்றியது. இறுதிப் போட்டி அதே டர்பில். எதிரணி கொழும்பிலிருந்து கண்டிக்கு மாறி வந்த ஒரு அலுவலகத்தின் பெண்கள், வாரத்துக்கு மூன்று நாள் டர்பில் பழகுகிறவர்கள். போட்டிக்கு இருந்த பதினைந்து நாளும் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. முழங்கால் பட்டி மருந்துக் கடையில் என்னென்ன அளவில் இருக்கிறதோ அத்தனையும் அவளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

போட்டி நாளில் வெயில் கொளுத்தியது. காலையில் நடந்த போட்டிகளுக்காகத் தண்ணீர் அடித்திருந்தார்கள், தரை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. நாங்கள் உடல் சூடாக்கிக்கொண்டிருக்கும்போதே பம்ப் பழுதாகிவிட்டது என்று ஒரு பேச்சு வந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

முதல் காற்பகுதி முழுவதும் பந்து ஈரத்தில் சறுக்கியது. எதிரணி எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர்களுக்கு ஒரு பெனல்டி கோர்னர் கிடைத்தது. கோல் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தை வெளியே தள்ள, வட்டத்தின் ஓரத்தில் ஒருத்தி நிறுத்த, மூன்றாவது ஆள் கோலை நோக்கி அடிப்பாள். எங்கள் பக்கத்தில் என்னையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டில் நிற்போம். முகமூடி போட்டுக்கொண்டு பந்தை நோக்கி முதலில் பாய்வது யசோதினி. பாய்ந்தாள். அவள் பாதி தூரம் போவதற்குள் பந்து என் இடது கால் பேட்டுக்குப் பக்கத்தால் போய்க் கோலுக்குள் இருக்கும் பலகையில் மோதியது. அவர்களுக்கு ஒரு கோல். அந்தச் சத்தம் எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. அந்தப் பந்து அவள்மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த பத்து நிமிடமும் யோசித்துக்கொண்டே நின்றேன்.

இரண்டாவது காற்பகுதியில் வெயில் தன் வேலையைக் காட்டியது. டர்ப் காயத் தொடங்கியது. காய்ந்த டர்பில் பந்து இழுபடும், வேகம் குறையும், இடையிடையே துள்ளும். எங்களுக்கு அது ஊருக்குத் திரும்பியது போல இருந்தது. எதிரணிப் பெண்கள் வழக்கம்போல மட்டையைத் தரையில் படுக்கவைத்தார்கள், பந்து அவர்கள் எதிர்பார்த்த நேரத்துக்கு வரவில்லை. யசோதினி பின்னாலிருந்து ஓங்கி ஒன்று அடித்தாள். அது நடுவில் ஒரு குதி குதித்து, படுத்திருந்த மட்டைக்கு மேலால் போய் எங்கள் முன்வரிசை ஜஹானாவின் மட்டையில் விழுந்தது. மடவளை ஊர்ப் பிள்ளை, சரியான ஓட்டக்காரி. ஒரே தட்டு, கோல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று, நாங்கள் முன்னால்.

நான் மட்டும் கத்தவில்லை. காய்ந்த டர்ப் பந்தை மட்டும் இழுக்கவில்லை, சப்பாத்தையும் இழுத்தது. எங்கள் பிள்ளை ஒருத்தி விழுந்து எழும்பியபோது முழங்காலில் தோல் தேய்ந்து, சூடு பட்டது போல் சிவந்திருந்தது. ஜஹானாவும் விழுந்தாள், நீளமான காற்சட்டை போட்டிருந்ததால் தப்பினாள். அப்போதுதான் எதிரணியின் முன்வரிசைப் பெண் ஒருத்தி ஓடி வந்து சட்டென்று இடது பக்கம் திரும்பினாள். அவளுடைய பாதம் திரும்பவில்லை. பாதம் ஒட்டிய இடத்தில் நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் அவளைத் தொடவில்லை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யசோதினி மைதானத்தின் நடுவில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வலது கை அவளை அறியாமலே தன் முழங்கால் பட்டியைத் தொட்டது.

இடைவேளையில் ஒழுங்கமைப்பாளர் இரண்டு கெப்டன்களையும் கூப்பிட்டார். பம்ப் திருத்த இன்றைக்கு ஆள் வரமாட்டான். வேண்டுமென்றால் தண்ணீர் பவுசர் லொறி ஒன்றை வரவழைத்துத் தரையை நனைக்கலாம், கொஞ்சம் தாமதமாகும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் தரையை மாற்றுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் சம்மதிக்கவேண்டும். எதிரணிக் கெப்டன் உடனே சம்மதித்தாள். சிங்களத்தில் யசோதினியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஜெயிக்கிறதுக்குக் கேக்கிறேன்னு நீங்க நினைக்கலாம். எங்க பிள்ளையோட கால் போயிடுச்சு. இன்னொருத்தியை என்னால தூக்கிட்டுப் போக முடியாது."

யசோதினி யோசிக்கக் கொஞ்சம் நேரம் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீ என்ன சொல்றே?"

நான் என்ன சொல்ல. நனைத்தால் பந்து பறக்கும். முதல் காற்பகுதியில் பலகையில் மோதிய அந்தச் சத்தம் மறுபடியும் எனக்கு நேராக வரும். காய்ந்து கிடந்தால் நான் பிழைப்பேன், கிண்ணமும் எங்களுக்குத்தான். அவளுடைய கால் என்ன ஆகும் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"எனக்குக் காய்ஞ்ச தரைதான் நல்லம்" என்றேன். "உன் முழங்காலுக்கு இல்ல. நீயே முடிவு பண்ணு. நான் எதுலயும் நிப்பேன்."

அவள் பிள்ளைகளிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பின்வரிசை சந்திரிகா போத்தலைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"வெல்லுற நேரத்துல யாராவது தண்ணி கேப்பாங்களா? அவங்க டர்ப்புல பழகினவங்க. நனைச்சா நம்மள மென்னு துப்பிடுவாங்க. முடியாதுன்னு சொல்லுக்கா."

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.   யசோதினியைப் பார்த்து, காலைப் பற்றிச் சொல்லிவிடு என்று மனதுக்குள் சொன்னேன், சொல்லாதே என்றும் சொன்னேன். அவள் குனிந்து முழங்கால் பட்டியைக் கழற்றினாள். வீக்கம் எல்லோருக்கும் தெரிந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "இது ஏற்கனவே இழுபட்டது. டொக்டர் இன்னொரு தடவை முறுக்கினா அறுந்துடும்னு சொல்லிட்டாரு. அறுந்தா கடைல நிக்க ஏலாது. எனக்கு வேற வேலை தெரியாது. உங்ககிட்ட மறைச்சது பிழைதான். சீமெந்துல ஓட வெச்சதும் நான்தான்."

  அப்போது ஜஹானா உட்கார்ந்த இடத்திலேயே காற்சட்டையை மேலே தூக்கிக் காலுறையைக் கீழே இறக்கினாள். கணுக்காலைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டினாள்.

"எனக்கும் நோவுதுக்கா. ரெண்டு கிழமையா. சொன்னா நீங்க வெளியில உக்கார வைப்பீங்கன்னு சொல்லல்ல."

அதற்கு அடுத்தவள் கணைக்கால் எலும்பைத் தடவினாள். இரவில் தூங்க முடியவில்லை, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன் என்றாள். நடு வரிசையில் ஒருத்திக்கு இடுப்பு. இன்னொருத்தி குதிகாலைப் பற்றிச் சொன்னாள். எல்லோருமே என் கடைக்கு வந்து எண்ணெயும் பட்டியும் வாங்கியவர்கள்தான். அம்மாவுக்கு, மாமியாருக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். நானும் நம்பியிருந்தேன். எவ்வளவு மடையச்சி நான்.

"அப்ப யாருக்குத்தான் ஒண்ணுமில்ல?" என்று சந்திரிகா கோபமாகக் கேட்டாள். ஒருத்தியும் கை தூக்கவில்லை. சந்திரிகா தன்னுடைய வலது பாதத்தைப் பார்த்தாள். "தண்ணி கேளுக்கா" என்றாள் பிறகு.

பவுசர் வந்தது. குழாயைப் பிடித்து இரண்டு பேர் மைதானம் முழுவதும் நனைத்தார்கள். பச்சை நிறம் கறுத்து மினுங்கியது. நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு கோலுக்குள் போய் நின்றேன். கையுறை வாரை இரண்டு தடவை இறுக்கிக் கட்டினேன்.

சந்திரிகா சொன்னதில் பிழையில்லை. பந்து மறுபடியும் சறுக்கியது, அவர்கள் மறுபடியும் சுற்றி வந்தார்கள். ஆனால் வேகமான பந்தைப் பார்க்கும் கண்ணைச் சீமெந்து எங்களுக்குக் கொடுத்திருந்தது. பிள்ளைகள் பந்தைத் தவறவிடவில்லை, படுத்த மட்டையால் தடுத்தார்கள். எனக்கு வந்ததில் ஐந்தாறைக் காலால் உதைத்துத் தள்ளினேன், ஒன்று முகமூடியில் பட்டுப் போனது. ஒன்று மட்டும் உள்ளே போனது. இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடங்களில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

அந்த நேரத்தில்தான் அவர்களுடைய கெப்டன் வலது பக்கத்தால் பந்தைக் கொண்டு வந்தாள். எதிரில் யசோதினி. கெப்டன் இடது பக்கம் போவது போல் காட்டி வலது பக்கம் இழுத்தாள். யசோதினி திரும்பினாள். முழு எடையும் அந்த வலது காலில். எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அந்தத் திருப்பம், இதைத்தான் டொக்டர் சொன்னார் என்று. ஆனால் ஈரத்தில் அவளுடைய பாதம் ஒட்டவில்லை. சறுக்கியது. கால் முழுவதும் முன்னால் வழுக்கிப் போக அவள் பின்பக்கமாக விழுந்து, தண்ணீரைத் தெறித்துக்கொண்டு கொஞ்ச தூரம் சறுக்கிக் கொண்டே போனாள். கெப்டன் காலியான இடத்தால் வந்து அடித்தாள். நான் அந்தப் பந்தைப் பார்க்கவில்லை. பின்னால் பலகை அடிபட்டதைத்தான் கேட்டேன். மூன்றாவது கோல். திருப்பிக் கொடுக்க நேரமும் இல்லை.

நான் யசோதினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரத்தில் மல்லாக்கக் கிடந்தாள். முழங்காலைப் பிடிக்கவில்லை. கத்தவில்லை. முதலில் ஒரு காலை மடித்தாள், பிறகு வலது காலை மெதுவாக மடித்தாள், கையை ஊன்றி எழும்பி நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் அழுகை முட்டியிருந்தது.

"என்னாலதான் போச்சு, அனு" என்றாள்.

நான் முகமூடியைக் கழற்றினேன். கிண்ணம் போனது எனக்கு வலித்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

"நடந்து காட்டு" என்றேன்.

அவள் நடந்து காட்டினாள்.